ஐ.எல்.ஆர். பெட்டியைப் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு: தடுப்பூசி வைப்பது, வெப்பநிலை எழுதுவது, பழுதானால் செய்வது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகவோ செவிலியராகவோ சேர்ந்த சில நாட்களில், "இனிமேல் கோல்டு செயின் உங்க பொறுப்பு" என்று ஒரு சாவியையும் லாக் புக்கையும் கையில் கொடுப்பார்கள். பெரும்பாலும் பயிற்சி வகுப்பு அதற்கப்புறம்தான் வரும். அதுவரை காத்திருக்க முடியாது. பெட்டிக்குள் ஊசி மருந்து இருக்கிறது, புதன்கிழமை குழந்தைகள் வருவார்கள். முதல் நாளிலிருந்தே என்ன செய்வது என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமத்து நிலையம் ஒன்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிற எல்லோருக்கும் சூடு பற்றிய பயம் இருக்கிறது. கரண்ட் போனால் பதறுகிறோம். ஆனால் நம் பெட்டிகளில் ஓசையில்லாமல் மருந்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதிகக் குளிர்தான். சூடு பட்டால் குப்பியின் மேலே உள்ள வி.வி.எம். நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். உறைந்து உருகிய குப்பியில் அந்த அடையாளம் புதிதாகவே இருக்கும். மருந்து மட்டும் செத்திருக்கும். கீழே வரும் எல்லாப் படிகளிலும் இந்த எண்ணத்தை விடாதீர்கள்.

பெட்டிகள் இரண்டு, வேலைகள் வேறு

அறையில் மேல்மூடி வைத்த இரண்டு வெள்ளைப் பெட்டிகள் இருக்கும். பார்க்க ஒரே மாதிரி தெரியும். ஒன்று ஐ.எல்.ஆர். இதன் சுவருக்குள் தண்ணீர் நிரப்பிய குழாய்களோ பைகளோ இருக்கும். கரண்ட் இருக்கும்போது அவை பனிக்கட்டியாகும். கரண்ட் போனால் அந்தப் பனிக்கட்டி மெல்ல உருகி உள்ளே குளிரைக் காக்கும். இதில் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். தடுப்பூசி வைக்கும் இடம் இது ஒன்றுதான். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கரண்ட் கிடைத்தாலே நல்ல ஐ.எல்.ஆர். சமாளித்துவிடும்.

இன்னொன்று டீப் பிரீசர். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை. நம் நிலையில் இது ஐஸ் பேக் உறைய வைக்க மட்டும். எந்தத் தடுப்பூசியையும் இதில் வைக்கக் கூடாது, போலியோ சொட்டு மருந்தையும்கூட. மேல்நிலைக் கிடங்குகளில் போலியோ மருந்தை உறைநிலையில் வைப்பதைப் பார்த்தவர்கள், இங்கும் அப்படிச் செய்யலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். அந்தப் பெட்டியில் ஒரு மருந்தை அனுமதித்தால், அவசரத்தில் அதன் பக்கத்தில் பென்டாவும் போய்ச் சேரும்.

இரண்டு பெட்டிகளும் சுவரிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி, வெயில் படாத இடத்தில், ஆடாமல் சமமாக நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்டெபிலைசர். பிளக் பாயின்டில் "அணைக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சுத்தம் செய்ய வருபவர் போன் சார்ஜ் போடுவதற்காகப் பிளக்கைப் பிடுங்குவது நடக்கக்கூடியதுதான். அவரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒட்டிய காகிதத்தைவிடப் பேச்சு அதிகம் நிற்கும்.

எதை எங்கே வைப்பது

மேல்மூடிப் பெட்டியில் குளிர் கீழே தங்கும். அடிப்பாகமும் சுவரோரமும்தான் மிகக் குளிர்ந்த இடம். எனவே உறைந்தாலும் கெடாத, சூட்டைத் தாங்காத மருந்துகள் கூடையின் கீழ்ப்பகுதிக்கு: போலியோ சொட்டு மருந்து, எம்.ஆர்., பி.சி.ஜி. உறைந்தால் கெட்டுப்போகும் மருந்துகள் மேற்பகுதிக்கு: பென்டா, ஹெபடைடிஸ் பி, டி.பி.டி., டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி, பி.சி.வி., ஐ.பி.வி. இந்த இரண்டாவது வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பழுது நேரத்தில் பட்டியலைத் தேட நேரம் இருக்காது.

எந்தக் குப்பியும் பெட்டியின் தரையையோ சுவரையோ தொடக் கூடாது. பெட்டியோடு வந்த கூடைகளில்தான் வைக்க வேண்டும். கூடை உடைந்து போயிருந்தால், காலி ஐஸ் பேக்குகளை இரண்டு அடுக்காகத் தரையில் படுக்கையாகப் பரப்பி, அதன் மேல் பெட்டிகளை அடுக்கலாம். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே காற்றுப் போக விரலளவு இடம் விடுங்கள். காலாவதித் தேதி முன்னால் வருவதை மேலே வையுங்கள். தேதி எப்படியிருந்தாலும் வி.வி.எம். அதிகம் மாறியதே முதலில் வெளியே போக வேண்டும்.

எம்.ஆர்., பி.சி.ஜி. பொடி மருந்துகளைக் கலக்கும் டைலுவன்ட் நீரையும் பயன்படுத்துவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ஐ.எல்.ஆருக்குள் வைத்துவிட வேண்டும். அறைச் சூட்டிலிருக்கும் நீரைக் குளிர்ந்த பொடியில் ஊற்றினால் அந்த நொடியிலேயே மருந்து அடிபடும். டைலுவன்ட் உறையவும் கூடாது. கண்ணாடி விரிசல் விடும். எந்த மருந்தோடு வந்ததோ அதற்கு மட்டுமே அந்த நீர்.

ஐ.எல்.ஆருக்குள் வேறு எதுவும் இருக்கக் கூடாது. இன்சுலின், ஆக்சிடோசின், ரத்த மாதிரி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் சாதாரண பிரிட்ஜ் இருக்கிறது. ஒரு பாட்டில்தானே என்று யாராவது கேட்டால், 2014 செப்டம்பரில் சிரியாவின் இட்லிப் பகுதியில் நடந்ததைச் சொல்லுங்கள். தட்டம்மை மருந்தின் டைலுவன்ட்டுக்குப் பதிலாக, தசையைத் தளர்த்தும் மயக்க மருந்துக் குப்பியை எடுத்துக் கலந்துவிட்டார்கள். இரண்டும் ஒரே பிரிட்ஜில் இருந்தன, குப்பிகள் பார்க்க ஒன்று போல. 15 குழந்தைகள் இறந்ததாகச் செய்தி. "ஒரு பாட்டில்தானே" என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

வெப்பநிலையை எழுதுவது

தினமும் இருமுறை, காலையும் மாலையும். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எல்லா நாளும். விடுமுறையில் யார் வந்து பார்ப்பது என்பதை முந்தைய வாரமே பெயரோடு எழுதி ஒட்டுங்கள். அந்தப் பெயரில்லாத விடுமுறைகளில்தான் கட்டம் காலியாகும், அல்லது அதைவிட மோசமாக, திங்கட்கிழமை உட்கார்ந்து நிரப்பப்படும்.

காலையில் பார்க்கும் நேரம் முக்கியம். அறையைத் திறந்தவுடன், மருந்து எடுக்க மூடியைத் திறப்பதற்கு முன்பே படிக்க வேண்டும். இரவு முழுவதும் பெட்டி எப்படி நடந்துகொண்டது என்பதை அந்த ஒரு எண்தான் சொல்லும். தெர்மாமீட்டரை மேல் கூடையில், உறைந்தால் கெடும் மருந்துகளுக்கு நடுவே வையுங்கள். வெளியே எடுக்காமல், கண் மட்டத்துக்குக் குனிந்து, சில நொடிகளில் படித்து மூடியைச் சாத்துங்கள். வெளியே திரை வைத்த டேட்டா லாகர் இருந்தால் மூடியைத் திறக்காமலே பார்க்கலாம். கடந்த 30 நாட்களின் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த வெப்பநிலையையும் அது காட்டும். 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் இருந்தாலோ, மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே 60 நிமிடம் இருந்தாலோ அது எச்சரிக்கும். குளிருக்கு ஒரு மணி நேரம், சூட்டுக்குப் பத்து மணி நேரம் என்ற இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். உறைவதுதான் அவசரம் என்று கருவியே சொல்கிறது.

தடுப்பூசி இருப்பையும் வெப்பநிலையையும் இணையவழியில் கண்காணிக்கும் ஈ-வின் அமைப்பின் சென்சார் பொருத்திய பெட்டிகளில் அளவு தாண்டினால் குறுஞ்செய்தி வரும். பழைய பொறுப்பாளரின் எண்ணுக்கே இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே விசாரித்து, உங்கள் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். செய்தி வருகிறது என்பதற்காக லாக் புக்கை நிறுத்தக் கூடாது. எல்லையைத் தாண்டிய பின்தான் சென்சார் கூப்பிடும். எல்லையை நோக்கிப் போவதைக் கண்ணால்தான் பார்க்க முடியும்.

இப்படி ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

திங்கள்: காலை 4.1, மாலை 4.6
செவ்வாய்: காலை 4.4, மாலை 5.0
புதன்: காலை 4.7, மாலை 5.8
வியாழன்: காலை 5.2, மாலை 5.9
வெள்ளி: காலை 5.6, மாலை 6.4

ஒவ்வொரு எண்ணும் 2க்கும் 8க்கும் இடையேதான் இருக்கிறது. பார்ப்பவர் "சரி" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் காலை எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு வரிசையாகப் படியுங்கள்: 4.1, 4.4, 4.7, 5.2, 5.6. புதன் மாலை ஏறியது தடுப்பூசி நாள் என்பதால். மூடியைப் பலமுறை திறந்திருப்பார்கள். அது இரவில் பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். 5.2 வரைதான் இறங்கியது. இந்தப் பெட்டி ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் நடுவில் 8ஐத் தொட்டுவிடும்.

காரணத்தை எளிதானதிலிருந்து தேடுங்கள். உட்சுவரில் படிந்த பனி அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருக்கிறதா? மூடியின் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கிறதா? ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடியைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே காற்றுப் போகிறது. பின்புறக் கம்பி வலையில் தூசி அடைந்திருக்கிறதா? பெட்டியைச் சுவரோடு யாராவது தள்ளி வைத்துவிட்டார்களா? ஸ்டெபிலைசர் அடிக்கடி துண்டிக்கிறதா? இவை எதுவும் இல்லையென்றால் கம்பிரசரிலோ வாயுவிலோ கோளாறு இருக்கலாம். மாவட்டக் கோல்டு செயின் டெக்னீசியனை வெள்ளிக்கிழமையே கூப்பிடுங்கள். பெட்டி நின்ற பின் கூப்பிடுவதற்கும் இதற்கும் நடுவே உங்களுக்குச் சில நாள் அவகாசம் கிடைக்கிறது. லாக் புக் எழுதுவதே அந்த அவகாசத்துக்காகத்தான்.

இதற்கு நேர்மாறான பக்கமும் உண்டு. மாதம் முழுக்கக் காலை 4, மாலை 4 என்றே எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை நம்பாதீர்கள். புழங்குகிற பெட்டியில் எண் ஒரே இடத்தில் நிற்காது. நீங்கள் பொறுப்பேற்கும்போது அப்படி ஒரு புத்தகம் கிடைத்தால், பெட்டியின் நிலை தெரியாது என்று எடுத்துக்கொண்டு, லாகரின் 30 நாள் பதிவைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வெப்பநிலையோடு, கரண்ட் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது, பனி நீக்கிய தேதி, பழுது ஏதாவது இருந்தால் அது, இவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை மருத்துவ அலுவலர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவரிடம் புத்தகத்தை நீட்டும்போது "சார், காலை ரீடிங் ஏறிக்கிட்டே வருது" என்று நீங்களே சுட்டிக்காட்டுங்கள்.

பனி நீக்குவதைப் புதன்கிழமை தடுப்பூசி முடிந்து இருப்புக் குறைந்த பிறகு வைத்துக்கொள்வது வசதி. மருந்தைக் கோல்டு பாக்ஸுக்கு மாற்றி, பெட்டியை அணைத்து, மூடியைத் திறந்து வைத்துத் தானாக உருக விடுங்கள். கத்தியோ கரண்டியோ வைத்துச் சுரண்டக் கூடாது. உள்ளே குழாய் ஓட்டையானால் பெட்டி அவ்வளவுதான்.

ஐஸ் பேக்கைத் தயார் செய்வது

பழுதானால் செய்ய வேண்டியதற்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். ஏனென்றால் கரண்ட் போன நேரத்தில் மருந்தைக் காப்பாற்றப் போய் உறைய வைத்துவிடுவது இங்கேதான் நடக்கிறது.

டீப் பிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக் மைனஸ் 20 டிகிரி அளவில் கல் போல இருக்கும். அதை அப்படியே வேக்சின் கேரியரில் வைத்தால், பக்கத்திலிருக்கும் ஹெபடைடிஸ் பி குப்பி சீக்கிரமே பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். எனவே ஐஸ் பேக்குகளை எடுத்து மேசைமேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வையுங்கள். முதலில் மேலே வெண்பனி பூக்கும். பிறகு அது கரைந்து வியர்த்தது போல நீர்த்துளிகள் வரும். அப்போது ஒன்றைக் காதருகே எடுத்துக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். பனிக்கட்டி அந்தத் தண்ணீருக்குள் நகர வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பது பூஜ்ஜிய டிகிரிக் கட்டியும் நீரும்தான், அதற்குக் கீழே இல்லை. துணியால் துடைத்து உள்ளே வைக்கலாம்.

எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். மே மாத மதியத்தில் ஆகும் நேரம் வேறு, மார்கழிக் காலையில் ஆகும் நேரம் வேறு. கடிகாரம் பார்த்து எடுப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு பேக்கையும் குலுக்கிப் பாருங்கள்.

வேக்சின் கேரியரில் நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பேக். குப்பிகளையும் டைலுவன்ட்டையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு நடுவில். கோல்டு பாக்ஸில் அடியிலும் பக்கங்களிலும் மேலேயும் ஐஸ் பேக், நடுவில் மருந்து. உறைந்தால் கெடும் மருந்தை அட்டைப் பெட்டியோடு வைத்து, ஐஸ் பேக்கில் நேரடியாக ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தெர்மாமீட்டரும் உள்ளே போக வேண்டும்.

கரண்ட் போனால், பெட்டி நின்றால்

முதலில் எது போயிருக்கிறது என்று பாருங்கள். அறை விளக்கு எரியவில்லையென்றால் கரண்ட் கோளாறு. விளக்கு எரிந்து பெட்டி மட்டும் பேசவில்லையென்றால் பிளக், எம்.சி.பி., ஸ்டெபிலைசர் என்ற வரிசையில் பாருங்கள். கரண்ட் வந்தவுடன் ஸ்டெபிலைசர் சில நிமிடங்கள் தாமதித்துத்தான் கொடுக்கும். அதைப் பழுது என்று நினைத்துப் பெட்டியை நேராகச் சுவர் பிளக்கில் செருகக் கூடாது. கிராமத்து லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் கம்பிரசர் எரிந்துவிடும். ஸ்டெபிலைசர் வெளியே கரண்ட் கொடுத்தும் கம்பிரசர் ஓடவில்லையென்றால் அது பெட்டியின் பழுது. உடனே டெக்னீசியனுக்கும் மருத்துவ அலுவலருக்கும் சொல்லுங்கள்.

எதுவானாலும் அடுத்த படி ஒன்றுதான்: மூடியைத் திறக்காதீர்கள். நேரத்தை எழுதுங்கள். தெர்மோஸ்டாட்டைத் தொடாதீர்கள்.

இனி ஒரு நிகழ்வைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். தஞ்சை டெல்டாவில் ஒரு நிலையம், நவம்பர் மழை. வியாழன் மாலை 5 மணிக்கு ரீடிங் 4.5. இரவு 10 மணிக்குக் கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை.

வெள்ளி காலை 9 மணிக்கு லாகரில் 4.9. பதினொரு மணி நேரத்தில் அரை டிகிரிகூட ஏறவில்லை. மூடி திறக்கவில்லை என்பதால் கிடைத்த பலன் இது. இப்போது செய்ய வேண்டியது போன் வேலை. மின்வாரியத்தில் கேட்கிறோம்; மரம் விழுந்திருக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை என்கிறார்கள். ஜெனரேட்டருக்கு ஆள் சொல்லியாயிற்று. பக்கத்து நிலையத்தில் கரண்ட் இருக்கிறதா, ஐ.எல்.ஆரில் இடம் இருக்கிறதா, வெப்பநிலை என்ன என்று அங்குள்ள பொறுப்பாளரிடம் கேட்டு வைக்கிறோம். வண்டிக்கும் சொல்லி வைக்கிறோம்.

மதியம் 1 மணிக்கு 5.2. மாலை 4 மணிக்கு 5.9.

இங்கேதான் நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். காலை 9 முதல் 1 வரை நான்கு மணி நேரத்தில் 0.3 ஏறியது. அடுத்த மூன்று மணி நேரத்தில் 0.7. சுவருக்குள் பனிக்கட்டி இருக்கும் வரை வெப்பநிலை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். கட்டி தீர்ந்ததும் வேகமாக ஏறும். "18 மணி நேரத்தில் ஒன்றரை டிகிரிதானே ஏறியது, இன்னும் 2 டிகிரி பாக்கி இருக்கிறது, நாளை மாலை வரை தாங்கும்" என்று நேர்கோட்டில் கணக்குப் போட்டால் தவறிவிடும். எண்ணின் அளவைவிட, அது ஏறும் வேகம் கூடியதுதான் செய்தி. இன்னும் ஒன்று: இரண்டு மணி நேரத்தில் இருட்டிவிடும், மழை ரோடு, நள்ளிரவில் 8ஐத் தொட்டால் வண்டியும் ஆளும் கிடைக்காது. விதிப்படி 8ஐ நெருங்கும்போது மாற்றினால் போதும். ஆனால் இந்த இடத்தில் 5.9லேயே மாற்றுவதுதான் சரியான முடிவு என்பேன்.

4 மணிக்கு டீப் பிரீசரைத் திறக்கிறோம். அதுவும் 18 மணி நேரமாகக் கரண்ட் இல்லாமல் இருக்கிறது. மேலடுக்கு ஐஸ் பேக்குகளில் ஏற்கெனவே தண்ணீர் சலசலக்கிறது; அவை தயார். அடியில் இருப்பவை இன்னும் கல். அவற்றை மேசையில் பரப்புகிறோம். முழுக்கத் தண்ணீரானவற்றை ஒதுக்குகிறோம். சலசலப்புக் கேட்ட பிறகே கோல்டு பாக்ஸுக்குள் அடுக்குகிறோம். அதன்பின்தான் ஐ.எல்.ஆர். மூடியைத் திறக்கிறோம், ஒரே ஒரு முறை. ஒருவர் எடுக்க, ஒருவர் மருந்தின் பெயர், பேட்ச் எண், எண்ணிக்கை, வி.வி.எம். நிலை நான்கையும் எழுதுகிறார். பென்டா, ஹெபடைடிஸ் பி வரிசை நடுவில். போலியோ மருந்து ஓரத்தில்.

4.50க்குக் கோல்டு பாக்ஸை மூடும்போது உள்ளே 5 டிகிரி. பக்கத்து நிலையத்தில் 5.45க்கு இறக்கும்போது 5.5. அங்குள்ள ஐ.எல்.ஆரில் தனிக் கூடையில், நம் நிலையத்தின் பெயர் எழுதி வைக்கிறோம். இரண்டு லாக் புக்கிலும் நேரம், வெப்பநிலை, எண்ணிக்கை எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். ஈ-வின்னில் மாற்றத்தைப் பதிகிறோம். அந்த வாரம் முழுக்க நம் மருந்து எங்கே, எத்தனை டிகிரியில் இருந்தது என்பதில் ஒரு மணி நேரம்கூட விடுபடவில்லை.

இதில் பாதி வேலை முன்கூட்டியே செய்து வைத்தது என்பதைக் கவனித்திருப்பீர்கள். எந்த நிலையத்துக்குக் கொண்டுபோவது, வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது, டெக்னீசியன் எண் என்ன என்பதெல்லாம் சுவரில் ஒரு தாளில் இருக்க வேண்டும். கடலோர, டெல்டா மாவட்டங்களில் இரண்டாவது இடமும் எழுதி வையுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, சுற்று வட்டாரமே மின்கம்பங்களை இழந்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நேரும்போது பக்கத்து நிலையமும் நம் நிலையத்தைப் போலவே இருட்டில்தான் இருக்கும். இரண்டாவது இடம் வேறு மின் பாதையில், கொஞ்சம் தொலைவில், ஜெனரேட்டர் வைத்த மருத்துவமனையாக இருப்பது நல்லது.

எல்லை தாண்டிவிட்டது என்று தெரிந்தால்

8க்கு மேல் போயிருந்தால் உடனே கொட்டிவிடாதீர்கள். உச்ச வெப்பநிலை எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று லாகரிலிருந்து எழுதுங்கள். மருந்தைச் சரியான குளிருக்கு மாற்றி, "பயன்படுத்த வேண்டாம், முடிவு வரும் வரை" என்று எழுதித் தனியே வையுங்கள். ஒவ்வொரு குப்பியிலும் வி.வி.எம். பாருங்கள்: உள்ளே இருக்கும் சதுரம் வெளி வட்டத்தைவிட வெளுத்திருந்தால் இன்னும் பயன்படும், இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் அதைவிடக் கறுத்தாலோ பயன்படாது. விவரத்தை மருத்துவ அலுவலருக்கும் மாவட்டத்துக்கும் சொல்லி, அவர்கள் முடிவுக்குப் பிறகே பயன்படுத்தவோ கழிக்கவோ வேண்டும்.

பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருந்தால் வி.வி.எம். பார்த்துப் பயனில்லை. கட்டியாக உறைந்து கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் குப்பியைக் கழித்துவிட வேண்டியதுதான்; சோதனை எதுவும் தேவையில்லை. உறைந்திருக்குமோ என்று சந்தேகம் மட்டும் இருந்தால், அலுமினிய உப்புச் சேர்ந்த மருந்துகளுக்கு, அதாவது பென்டா, ஹெபடைடிஸ் பி, டி.பி.டி. போன்றவற்றுக்கு, குலுக்குச் சோதனை இருக்கிறது. உறையும்போது அந்த உப்பு கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடுகிறது. உருகிய பின்னும் பழையபடி கலக்காமல் சீக்கிரம் அடியில் படியும். சோதனை இதைத்தான் பார்க்கிறது.

அதே நிறுவனம், அதே பேட்ச் குப்பி ஒன்றை எடுத்து, "உறைய வைத்தது, போடக் கூடாது" என்று எழுதி, டீப் பிரீசரில் இரவு முழுக்க வைத்துக் கட்டியாக்குங்கள். காலையில் எடுத்துத் தானாக உருக விடுங்கள். வெந்நீரில் வைக்க வேண்டாம். அப்புறம் சந்தேகக் குப்பியையும் இதையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து 10 முதல் 15 நொடி நன்றாகக் குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அரை மணி நேரம் வரை பாருங்கள். உறைய வைத்த குப்பியில் மேலே தெளிந்த நீரும் அடியில் வண்டலும் பிரியும். சந்தேகக் குப்பி இன்னும் பால் போலக் கலங்கியே, அதைவிட மெதுவாகப் படிந்தால் அது உறையவில்லை. அதே வேகத்திலோ இன்னும் வேகமாகவோ படிந்தால் அந்தப் பேட்ச் வேண்டாம். ஒவ்வொரு பேட்சுக்கும் தனித்தனிச் சோதனை. ஐ.பி.வி.க்கு இந்தச் சோதனை பொருந்தாது. உறைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தாலே அதை ஒதுக்கி வைத்து மாவட்டத்துக்குத் தெரிவியுங்கள். சோதனைக்கு உறைய வைத்த குப்பியையும் மறக்காமல் கழித்துவிடுங்கள்.

கரண்ட் வந்த பிறகு

நம் டெல்டா நிலையத்துக்குச் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கரண்ட் வருகிறது. "சிஸ்டர், கரண்ட் வந்துடுச்சு, மருந்தைக் கொண்டு வந்துடலாமா?" என்று கேட்பார்கள். கொண்டு வரக் கூடாது. இந்நேரம் பெட்டிக்குள் 15 டிகிரி இருக்கலாம். சீக்கிரம் குளிரட்டும் என்று யாராவது தெர்மோஸ்டாட்டைத் திருகுவார்கள். அதை எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். முள்ளை அதிகக் குளிருக்குத் திருப்பினாலும் கம்பிரசர் அதே வேகத்தில்தான் ஓடும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். மாலையில் நல்ல எண் தெரியும். விடியற்காலை 3 மணிக்கு யாரும் பார்க்காதபோது மைனஸ் ஒன்றுக்குப் போயிருக்கும்.

எனவே பெட்டியை மருந்தில்லாமல், பழைய தெர்மோஸ்டாட் நிலையிலேயே ஓட விடுங்கள். டீப் பிரீசரில் ஐஸ் பேக்குகளைத் திரும்ப உறையப் போடுங்கள். ஐ.எல்.ஆர். 2 முதல் 8க்குள் வந்து, ஒரு முழு இரவு உட்பட 24 மணி நேரம் அங்கேயே நின்றதை லாகரில் பார்த்த பிறகே மருந்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள். இந்தக் கணக்கில் அது திங்கள் காலை. திரும்பி வரும்போதும் அதே முறை: சலசலக்கும் ஐஸ் பேக், கோல்டு பாக்ஸ், தெர்மாமீட்டர், பேட்சும் எண்ணிக்கையும் சரிபார்த்து இரண்டு கையெழுத்து. திரும்ப அடுக்கிய முதல் மூன்று நாட்கள் மதியமும் ஒருமுறை கூடுதலாகப் படித்து எழுதுங்கள். ஜெனரேட்டர் ஏன் கிளம்பவில்லை என்பதற்கான கடிதத்தை அந்தத் திங்கட்கிழமையே மருத்துவ அலுவலர் கையெழுத்தோடு அனுப்பிவிட்டு, அதன் நகலை லாக் புக்கின் அந்தப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.